எஞ்சின் அணைந்த பிறகு

விடியற்காலை ஐந்து மணி. நெடுஞ்சாலையோர தாபாவின் மண் தரையில் பத்துப் பன்னிரண்டு லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு கிளம்ப, ஒன்று மட்டும் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்', மறுபடி திருப்பினால் 'டக்'. மீட்டர் போர்டின் விளக்கெல்லாம் மங்கி அணைகிறது. பன்னிரண்டு சக்கர வண்டி, முழு லோடு. இதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய யாராலும் முடியாது. பக்கத்து வண்டியை அருகில் கொண்டுவந்து, கேபிள் போட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எஞ்சின் பிடித்தது.

இறங்கி வந்த டிரைவர் முதலில் சொன்னது, "நைட்டு நல்லாத் தூங்கினேன் சார். அதுக்குத்தான் இந்தத் தண்டனை."

கேபினுக்குள் அவர் ஒரு பேட்டரி ஏசி மாட்டியிருந்தார். எஞ்சினை அணைத்த பின்னும் ஓடும் வகை. அதை வண்டியில் முதலிலிருந்தே இருக்கும் இரண்டு பேட்டரிகளிலேயே நேராக இணைத்துவிட்டார்கள். பேட்டரி இறங்கினால் ஏசி தானாக நின்றுவிடும்படி ஓர் அளவு வைத்திருப்பார்கள். நள்ளிரவில் நின்றுவிடுகிறதே என்று அந்த அளவை இவரே கீழே இறக்கி வைத்திருக்கிறார். ஏசி இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. செல்ஃபுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆக வேண்டும் என்ற விதி 2025இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கம்பெனியிலிருந்து வரும் அந்த ஏசியின் கம்ப்ரஸரை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. சாவியை அணைத்த நொடியில் குளிரும் அணைந்துவிடும். பகலில் வண்டி ஓட்டும்போது குளிர்ச்சி, இரவில் அதே கேபினில் படுத்தால் புழுக்கம். தூக்கத்துக்குத்தான் குளிர்ச்சி அதிகம் வேண்டும். உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்கினால்தான் தூக்கம் ஆழமாகப் பிடிக்கும். அது இறங்காதவர் விடிகாலை நான்கு மணிக்கு ஸ்டியரிங்கில் கண் சொருகுவார்.

வழக்கமாக இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ஜன்னலைத் திறந்து வைத்துப் படுப்பது. கொசுவும் வரும், கை நீட்டி செல்போனை எடுத்துப் போகிறவனும் வருவான். இன்னொன்று, எஞ்சினை ஓட விட்டே படுப்பது. பெரிய டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் குடிக்கும். எஞ்சின் பெரிதானால், ஏசியும் சேர்ந்தால், மூன்றைக்கூடத் தொடும். ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பதினான்கு லிட்டர் என்று வையுங்கள். நாமக்கல்லில் எந்த முதலாளியும் இந்தக் கணக்கை டிரிப் ஷீட்டில் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். மணிக்கணக்கில் சூடேறாமல் ஓடும் எஞ்சினின் புகைக்குழாயில் கரி படியும். பிஎஸ்6 வண்டிகளின் புகை வடிகட்டிக்கு அது ஆகவே ஆகாது. ஷெட்டுக்குள்ளோ சுவரை ஒட்டியோ நிறுத்தி எஞ்சினை ஓட விட்டுப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் புகுந்து ஆளையே எடுத்துவிடும். அதற்கு வாசனை கிடையாது.

மூன்றாவது வழிதான் பேட்டரி ஏசி. பார்க்கிங் ஏசி என்றும் சொல்கிறார்கள். 24 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மின்மோட்டார் கம்ப்ரஸரைச் சுற்றும். குளிர்விக்கும் திறன் சுமார் இரண்டு கிலோவாட். வீட்டு ஏசிக் கணக்கில் அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். கேபின் சின்ன இடம், அது போதும். கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடாது. ஆரம்பத்தில் முழு வேகம், அறை குளிர்ந்ததும் மெதுவான ஓட்டம். இந்த வேக மாற்றம் இல்லாத பெட்டியை பேட்டரியில் ஓட்ட நினைப்பதே வீண்.

பெட்டி நல்ல பெட்டியாகவே இருந்தாலும், மாட்டியவர்களில் பலர் 'இது ஒத்துவராது' என்று சொல்வதைக் கேட்கலாம். பெரும்பாலும் கோளாறு குளிர்ப்பெட்டியில் இருப்பதில்லை. பேட்டரியிலும் ஒயரிலும் இருக்கிறது. ஓர் இரவை மணிக்கு மணி பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

சேலத்திலிருந்து வடக்கே போகும் ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி மே மாதத்தில் நாக்பூர் பக்கம் இரவு பத்து மணிக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகலில் அங்கே 45 டிகிரி. இரவிலும் 30க்குக் கீழே எளிதில் இறங்காது. நம் லாரிகளில் கேபினுக்கு நேர் அடியிலேயே எஞ்சின் இருக்கிறது. அணைத்த பிறகும் அந்த இரும்பும், 90 டிகிரியை ஒட்டிக் கொதித்த தண்ணீரும், எண்ணெயும் சேர்ந்து மணிக்கணக்கில் சூட்டை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அதன் மேல் பாய் விரித்துப் படுப்பது மாதிரி. பகல் முழுக்க வெயில் குடித்த கூரைத் தகடும் தன் பங்கைக் கீழே இறக்கும்.

அதனால் முதல் ஒரு மணி நேரம் ஏசி முழு மூச்சில் ஓடும். சுமார் 35 ஆம்பியர் இழுக்கும். இரண்டாவது மணியில் 25 ஆகும். அதன் பிறகு எஞ்சினும் ஆறி, வெளிக்காற்றும் தணிந்தால் சராசரியாக 16 ஆம்பியர் போதும். ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டுமென்றால் மொத்தம் ஏழு மணி நேரம். 35, 25, பிறகு ஐந்து மணி நேரத்துக்கு 80. கூட்டினால் 140 ஆம்பியர்-மணி. ஓர் இரவுத் தூக்கத்தின் விலை இதுதான். வாங்கப் போகும் எந்த பேட்டரியையும் இந்த எண்ணை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

வண்டியில் ஏற்கெனவே இருப்பது 12 வோல்ட், 130 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு. தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 130, கிட்டத்தட்ட சரியாக வருகிறதே என்று தோன்றும். பலரும் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் அச்சடித்திருக்கும் 130 என்பது இருபது மணி நேரம் நிதானமாக, மணிக்கு ஆறரை ஆம்பியராக எடுத்தால் கிடைப்பது. 30 ஆம்பியராக உறிஞ்சினால் ஈய பேட்டரி அவ்வளவு தராது. நூறு கிடைத்தாலே பெரிது. அதிலும் காலையில் செல்ஃப் அடிக்கப் பாதிக்கு மேல் மிச்சம் வைக்க வேண்டும். ஆகக் கையில் நிற்பது சுமார் 50. முதல் மணி நேரத்திலேயே 35 போய்விடும். பதினொன்றரைக்கு ஏசி நிற்கும். நிற்காவிட்டால் காலையில் வண்டி நிற்கும். தாபாவில் நின்றுபோன அந்த வண்டியின் கதை இதுதான்.

இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. செல்ஃப் பேட்டரியின் உள்ளே ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் நிறைய. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்தவை. தினமும் அடிவரை வடித்தால் அந்தத் தகடுகளின் பொருள் உதிரும். நான்கு வருடம் வர வேண்டிய பேட்டரி ஒரு கோடைக்குள் போய்விடும். ஓட்டப்பந்தயக்காரரை மூட்டை தூக்கவிட்டால் என்ன ஆகும்?

ஆகவே ஏசிக்குத் தனி பேட்டரி. இப்போது பரவலாகப் போடுவது லித்தியம் அயன் பாஸ்பேட் வகை. 24 வோல்ட் வண்டிக்கான 200 ஆம்பியர்-மணிப் பெட்டியில் இரவில் 140 போனாலும் 60 மிஞ்சும். ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் தொடாமல் வைத்தாலும் கணக்கு இடிக்காது. எடை சுமார் ஐம்பது கிலோ. அதே வேலையை ஈய பேட்டரியில் செய்ய நினைத்தால் பெரிய பெட்டிகள் நான்கு வேண்டும், 150 கிலோவைத் தாண்டும். ஆயிரக்கணக்கான முறை நிரப்பி வடிக்கலாம் என்பது லித்தியத்தின் பலம். சூடு ஆகாது என்பது அதன் பலவீனம். சேஸில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே மாட்டுவது நம் வழக்கம். சைலன்ஸர் பக்கத்தில் இடம் கிடைத்தது என்று அங்கே மாட்டிவிட்டால் பெட்டியின் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று சூடு கண்டு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். 'பகலெல்லாம் ஓட்டினேன், ராத்திரி பேட்டரி காலி' என்று டிரைவர் புலம்புவார். எதிர்ப்பக்கம் மாற்றி மாட்டினாலே தீரும்.

இன்னொரு புலம்பலை நானே நேரில் பார்த்தேன். சங்ககிரி பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. ஐம்பது வயது டிரைவர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் ஏசிக்கென்று தனியாகப் போட்டிருந்தவை ஈய பேட்டரிகள்.

"புது பேட்டரி தம்பி. ஒன்றரை மணி நேரம்கூட தாங்கலை. வித்தவனைக் கூப்பிட்டா ஏசி மேல தப்புங்கிறான், ஏசிக்காரன் பேட்டரி மேல தப்புங்கிறான்."

எலக்ட்ரீஷியனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் பேட்டரியையும் திறக்கவில்லை, ஏசியையும் கழற்றவில்லை. ஏசியை முழு வேகத்தில் ஓட விட்டார். பத்து நிமிடம் டீ குடித்தார். பிறகு மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியின் இரு முனைகளில் வைத்தார். 24.4 வோல்ட். ஏணியில் ஏறி ஏசியின் பின்பக்க முனைகளில் வைத்தார். 23.0. கீழே நின்றவரைப் பார்த்து, "அண்ணே, இந்த ஒயரைத் தொட்டுப் பாருங்க" என்றார்.

ஒயர் வெதுவெதுப்பாக இருந்தது.

பேட்டரியிலிருந்து கூரை வரை சுமார் ஆறு மீட்டர். போகவும் வரவும் பன்னிரண்டு. போட்டிருந்தது 6 சதுர மில்லிமீட்டர் ஒயர். அந்த நீளத்துக்கு 35 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே ஏறக்குறைய 1.2 வோல்ட் விழுந்துவிடும். மிச்சம் ஃப்யூஸ் இணைப்பிலும் முனைகளிலும் விழுந்தது. ஏசி தன் முனைக்கு வந்து சேரும் வோல்ட்டைத்தான் பார்க்கும். 23 ஆனால் நிற்கும்படி அதை வைத்திருக்கிறார்கள். பேட்டரியில் இன்னும் தாராளமாக இருக்கும்போதே அது காலி என்று முடிவுகட்டி நின்றுவிடுகிறது. 25 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் அதே தூரத்தில் விழுவது 0.3 வோல்ட்தான். மோட்டா ஒயருக்கும் மெல்லிய ஒயருக்கும் விலை வித்தியாசம் உண்டுதான். ஆனால் இத்தனை பெரிய செலவில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா என்றும் அந்த எலக்ட்ரீஷியன் பார்த்தார். ஒயர் சேஸ் விளிம்பில் உரசி உறை கிழிந்தால் தீப்பிடிக்கும். ஃப்யூஸ் தள்ளி இருந்தால் அதற்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது.

பார்க்கிங் ஏசி சீக்கிரம் நின்றுவிடுகிறது என்றால், ஓடும்போதே இரண்டு இடத்திலும் வோல்ட் பார்த்துவிடுவது உத்தமம். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரில் குற்றமில்லை, பேட்டரியைச் சோதிக்கலாம். ஓடாமல் நிற்கும்போது பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே காட்டும், ஒன்றும் தெரியாது.

இறங்கிய பேட்டரியை நிரப்புவது எப்படி? லாரிக்காரர்கள் இன்னும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டர்தான் மறுநாள் ஓட்டத்தில் நிரப்ப வேண்டும். லித்தியத்தை நேராக அதில் இணைத்தால், காய்ந்த மாடு கம்பில் விழுந்தது போல அது கிடைப்பதையெல்லாம் இழுக்கும். ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் நெடுநேரம் ஓடிச் சுருள் கருகும். நடுவே ஒரு டிசி சார்ஜர் வைத்து 40 ஆம்பியருக்கு மேல் போகாமல் கட்டினால் நல்லது. 140ஐ 40ஆல் வகுத்தால் மூன்றரை மணி. இழப்பையும் சேர்த்து நான்கு மணி நேர ஓட்டத்தில் நிரம்பிவிடும். நெடுந்தூர வண்டிக்கு இது ஒரு விஷயமே இல்லை.

விற்பவர்கள் 'டீசல் செலவே இல்லை' என்பார்கள். அது சரியல்ல. அந்த மின்சாரமும் டீசலிலிருந்துதான் வருகிறது. 140 ஆம்பியர்-மணியை யூனிட் கணக்கில் சொன்னால் மூன்றரைக்குச் சற்று மேல். ஆல்டர்னேட்டரில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் மின்சாரமாக மாறுகிறது, மற்றது சூடாகப் போகிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால் ஓர் இரவுக்குச் சுமார் இரண்டு லிட்டர். எஞ்சினை ஓட விட்டால் பதினான்கு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் மிச்சம் என்பதே போதுமான நல்ல செய்தி. அதைப் பொய் சொல்லி விற்க வேண்டியதில்லை. ஆனால் இதுவரை எஞ்சினை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கொசுக்கடியில் படுத்த டிரைவரின் முதலாளிக்கு இதில் மிச்சமில்லை, கூடுதல் செலவுதான். நம்மூரில் பல வண்டிகளில் ஏசி ஏறாததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, இந்தக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தூங்குகிறவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் இன்னொருவர்.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதில் நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வெளிநாட்டு லாரிகளின் கூரையில் திறப்பு இருக்கும், அதிலேயே பெட்டியை உட்கார்த்திவிடுவார்கள். நம் லாரியின் கேபின் கூரை தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் சொந்தமான இடம். கூரையை வெட்டி ஏசியை வைத்துவிட்டு, அதன் மேலேயே தார்ப்பாயைச் சுருட்டிப் போட்டால் சூடு வெளியேற வழியில்லை. கம்ப்ரஸர் மூச்சுத் திணறி ஆம்பியரைக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடும். வெட்டிய இடத்தில் பசை சரியாக இல்லாவிட்டால் முதல் மழையிலேயே படுக்கையில் சொட்டும். இரண்டாகப் பிரித்து, வெளிப்பெட்டியைக் கேபினின் பின்சுவரிலும் உள்பெட்டியைப் படுக்கைக்கு மேலும் மாட்டும் வகை நமக்குப் பொருந்தும். ஆனால் சிமென்ட், சாம்பல் ஏற்றுகிற வண்டியில் பின்சுவர்ப் பெட்டியின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே தூசி அப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை காற்றடித்துவிட வேண்டும். உள்ளே வரும் காற்று, பெட்டி இழுக்கும் காற்றைவிடப் பத்து டிகிரியாவது குளிர்ந்திருக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனால் முதலில் தூசியைச் சந்தேகியுங்கள், பிறகு வாயுவை.

காசு செலவில்லாமல் ஆம்பியரைக் குறைக்கும் வித்தைகள் பழைய டிரைவர்களுக்குத் தெரியும். நிறுத்துவதற்கு அரை மணி முன்பிருந்தே எஞ்சின் ஏசியை முழுதாக வைத்து மெத்தை வரை குளிர வைத்துவிடுவது. பகலில் தூங்குவதென்றால் முன்கண்ணாடி வெயிலைப் பார்க்காதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துவது. இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி வழியாக உச்சி வெயில் உள்ளே இறக்கும் வெப்பம், இந்தக் குட்டி ஏசியின் திறனில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கண்ணாடிக்கு வெள்ளிக் காகிதத் தட்டி, படுக்கைக்கும் இருக்கைக்கும் நடுவே கனத்த திரை. கேபின் முழுவதையும் குளிர்விக்காமல் படுக்கையை மட்டும் குளிர்வித்தால் பாதி வேலை குறையும். எஞ்சின் மேல் மூடியைச் சுற்றி ரப்பர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். சூட்டோடு டீசல் வாசனையும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

தண்ணீர் ஊற்றி ஓடும் சின்ன கூலர்கள் ஐந்தாறு ஆம்பியரில் ஓடிவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. ராஜஸ்தானில் ஓடும். காற்று காய்ந்திருக்கும் ஊரில்தான் தண்ணீர் ஆவியாகிக் குளிர் தரும். எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ அதே பெட்டியைப் போட்டால் கேபினுக்குள் இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

துறைமுகம் என்றதும் பேட்டரி ஏசியின் நிஜமான எல்லை நினைவுக்கு வருகிறது. கன்டெய்னர் வரிசையில் நிற்கும் வண்டி மணிக்கொரு முறை நான்கு வண்டி நீளம் நகரும். நான்கு மணி நேரத் தொடர் ஓட்டம் அங்கே கிடைக்காது, பேட்டரி நிரம்பாது. முதல் இரவு சுகமாகப் போகும், இரண்டாவது இரவு பெட்டி பொம்மைதான். கேபின் கூரையில் இரண்டு சதுர மீட்டருக்கு சோலார் பலகை போட்டால் நல்ல வெயில் நாளில் அறுபது எழுபது ஆம்பியர்-மணி தேறும். பாதி இரவுக்கு ஆகும். அங்கேயும் தார்ப்பாயோடு சண்டை, கன்டெய்னர் வண்டியில் மட்டும் அந்தச் சண்டை இல்லை.

சங்ககிரி டிரைவரிடம் இதைச் சொன்னேன். மோட்டா ஒயர் மாற்றி முடியும்வரை காத்திருந்த நேரம்.

"பாதி இருந்தாப் போதும் சார்" என்றார். "வரிசையில நிக்கிறப்ப நான் ஏசியை மூணு மணி நேரத்துக்கு டைமர் வெச்சுடுவேன். அதுக்குள்ள தூக்கம் பிடிச்சுடும். நின்னதும் ஃபேன் ஓடும். மூணு மணிக்கு மேல வெளிச்சூடும் தணிஞ்சுடும்ல."

கூரையில் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் பின்பக்கம் தள்ளிக் கட்டிவிட்டு, வண்டியை எடுத்தார்.